வந்தாலும் அதே சொல், போனாலும் அதே சொல்



ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. முதலாவது, காவியம் தொடங்கிய சற்று நேரத்தில் வருகிறது. இத்தாக்கா அரண்மனை வாசலில் ஓர் அந்நியர் நிற்கிறார். வேற்றுருவில் வந்திருக்கும் அதீனா தெய்வம்தான் அவர். வீட்டுப் பிள்ளை டெலமாக்கஸுக்கு அது தெரியாது. வந்தவரை வாசலில் காக்க வைத்துவிட்டோமே என்று பதறி ஓடிவந்து, கையைப் பிடித்து, ‘கைரே’ என்று சொல்லி உள்ளே அழைக்கிறான். முதலில் சாப்பிடுங்கள், வந்த காரியத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறான். இரண்டாவது காட்சி எட்டாம் காண்டத்தில். கடலில் எல்லாவற்றையும் இழந்து கரை ஒதுங்கிய ஒடிசியஸை முதலில் கண்டு உதவியவள் இளவரசி நௌசிக்கா. அவன் ஊர் திரும்பப் போவது உறுதியான பிறகு, மண்டபத் தூணருகே நின்று அவள் அவனுக்கு விடை கொடுக்கிறாள். உன் நாட்டுக்குப் போன பிறகும் என்னை நினைத்துக்கொள், உன் உயிருக்கு நீ முதலில் எனக்குத்தான் கடன்பட்டிருக்கிறாய் என்கிறாள். அந்தப் பேச்சின் முதல் சொல்லும் ‘கைரே’தான். ‘விருந்தினரே’ என்ற விளியும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. அங்கே வரவேற்ற சொல் இங்கே வழியனுப்புகிறது.

கவிஞனுக்குச் சொல் பஞ்சம் ஏற்பட்டு இப்படி நேர்ந்துவிடவில்லை. பண்டைக் கிரேக்கர்கள் அன்றாடம் பேசியதே அப்படித்தான். ‘கைரே’ என்றால் ‘மகிழ்ந்திரு’ என்று பொருள். சந்திக்கும்போதும் சொன்னார்கள், பிரியும்போதும் சொன்னார்கள், கல்லறைக் கல்லிலும் பொறித்தார்கள். கல்லில் இருக்கும் அந்தச் சொல், இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் சொல்லும் விடையாகவும் இருக்கலாம், வழிப்போக்கரை இறந்தவர் கூப்பிட்டு நலம் வாழ்த்துவதாகவும் இருக்கலாம். இன்றைய கிரேக்கர்கள் ‘யாசூ’ என்கிறார்கள். ‘உனக்கு உடல்நலம்’ என்பது அதன் பொருள். அதுவும் வரும்போதும் போகும்போதும் பயன்படுகிறது. எபிரேய மொழியின் ‘ஷாலோம்’, ஹவாய்த் தீவுகளின் ‘அலோஹா’, இத்தாலியின் ‘ச்சாவ்’, ஹங்கேரியின் ‘சியா’ எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளில் இந்த வழக்கம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது என்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. வருவதும் போவதும் நேர் எதிரான செயல்கள். அவை இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முகமன் சொல், யார் வருகிறார், யார் போகிறார், யார் இருக்கிறார், இனி வரும் பொழுது எப்படிக் கழியும் என்ற செய்திகளில் ஒன்றைத் தன்னுள் வைத்திருந்தால், அது ஒரு பக்கத்துக்கு மட்டுமே பயன்படும். அந்தச் செய்தி எதுவும் இல்லாமல், எதிரில் இருப்பவரின் நலத்தையோ, அவர் முன் பேசுபவர் காட்டும் பணிவையோ மட்டும் சொன்னால், அது இரண்டு பக்கமும் செல்லத் தகுதி பெற்றுவிடுகிறது. ‘மகிழ்ந்திரு’ என்பது வருகிறவருக்கும் பொருந்தும், போகிறவருக்கும் பொருந்தும். ‘வருக’ என்பது போகிறவருக்குப் பொருந்தாது.

இதைச் சோதித்துப் பார்க்க, ஒரே வேர்ச்சொல் ஒரு மொழியில் தனியாகவும் வினையோடு சேர்ந்தும் வழங்கும் இடத்தைத் தேட வேண்டும். கொரிய மொழி அந்த வாய்ப்பைத் தருகிறது. கொரியத் தொடர்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டதால் ‘அன்யோங்’ என்ற சொல் இளைஞர்கள் பலருக்கும் பழக்கமானது. அமைதி, நலம் என்பது அதன் பொருள். நண்பர்கள் சந்திக்கும்போது ‘அன்யோங்’ என்கிறார்கள், பிரியும்போதும் ‘அன்யோங்’ என்கிறார்கள். ஆனால் மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் அந்தச் சொல் தனியாக நிற்பதில்லை, ஒரு வினை வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘நலமாக இருக்கிறீர்களா’ என்று பொருள்படும் ‘அன்யோங்ஹாசேயோ’ சந்திப்புக்கு உரியது. ‘நலமாகப் போங்கள்’ என்னும் ‘அன்யோங்ஹி கசேயோ’ புறப்படுகிறவரைப் பார்த்துச் சொல்வது. ‘நலமாக இருங்கள்’ என்னும் ‘அன்யோங்ஹி கேசேயோ’ அங்கேயே தங்கப் போகிறவரைப் பார்த்துச் சொல்வது. கடையை விட்டு வெளியே வரும் வாடிக்கையாளர் கடைக்காரரிடம் ‘இருங்கள்’ என்கிறார், கடைக்காரர் அவரிடம் ‘போங்கள்’ என்கிறார். தெருவில் சந்தித்துப் பேசிவிட்டு இருவருமே கிளம்பினால் இருவரும் ‘போங்கள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கொரிய மொழி கற்கும் வெளிநாட்டவர் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லித் தடுமாறுவது வழக்கம். வினை இல்லாத ‘அன்யோங்’கில் அந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை. வேர் ஒன்றுதான், பேசுகிறவர்களும் அவர்களேதான். வினை சேர்ந்தவுடன் திசை சேர்ந்துவிடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இதே பாடத்தை மலாய் மொழி நாள்தோறும் காட்டுகிறது. ‘செலாமாட்’ என்பது நலம், பாதுகாப்பு என்ற பொருளில் அரபு மொழியிலிருந்து வந்த சொல். ‘செலாமாட் டாத்தாங்’ என்றால் நல்வரவு. ‘செலாமாட் ஜாலான்’ என்று இருப்பவர் போகிறவருக்குச் சொல்வார். ‘செலாமாட் திங்கால்’ என்று போகிறவர் இருப்பவருக்குச் சொல்வார். வருதல், பயணப்படுதல், தங்குதல் என்ற மூன்று சொற்கள் ஒரே வாழ்த்தை மூன்று இடங்களில் நிறுத்தி வைத்துவிடுகின்றன. அதே வேரிலிருந்து பிறந்த அரபுச் சொல்லான ‘சலாம்’, ‘உங்கள் மீது அமைதி உண்டாகட்டும்’ என்ற வாக்கியத்தில் வரும்போது அதற்கு இந்தக் கட்டு இல்லை. ஓர் அவைக்கு வருகிறவர் சலாம் சொல்ல வேண்டும், எழுந்து போகும்போதும் சலாம் சொல்ல வேண்டும், முதலில் சொன்னது கடைசியில் சொல்வதைவிட உயர்ந்ததன்று என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாக அபூ தாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு முனைகளிலும் ஒரே சொல் என்பது அங்கே தெளிந்து வகுத்த நெறியாகவே இருக்கிறது.

காலத்தைக் குறிக்கும் வாழ்த்துகளிலும் இதைக் காணலாம். பிரெஞ்சு மொழியில் ‘போன்ஜூர்’ என்பதும் ‘போன் ஜூர்னே’ என்பதும் ‘நல்ல நாள்’ என்ற வாழ்த்துகளே. ஆனால் முதலாவதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார்கள், இரண்டாவதைச் சொல்லி முடிக்கிறார்கள். ‘ஜூர்னே’ என்பது காலை முதல் மாலை வரை நீளும் பொழுதைக் குறிக்கும் சொல். இனி நீ தனியாகக் கழிக்கப் போகும் இந்தப் பொழுது நன்றாகப் போகட்டும் என்று வாழ்த்தினால், அந்தப் பொழுதில் வாழ்த்துகிறவர் உடனிருக்கப் போவதில்லை என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘குட் நைட்’ சொன்ன பிறகு யாரும் பேச்சைத் தொடங்காததற்கும் இதுவே காரணம். அது உறங்கப் போகிற இரவுக்கான வாழ்த்து.

இதுவரை சொன்னது, ஒரு சொல்லை இரண்டு பக்கமும் போகவிடாமல் தடுப்பது எது என்பதை விளக்குகிறது. தடை இல்லாத சொல்லை மக்கள் ஏன் இரண்டு இடத்திலும் விரும்பிப் பயன்படுத்த வேண்டும்? அதற்கு, சந்திப்பிலும் பிரிவிலும் மனிதர்களுக்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1955-இல் வெளியான ஒரு கட்டுரையிலும் 1971-இல் வெளியான ‘பொது இடத்தில் உறவுகள்’ என்ற நூலிலும் அவர் முகமனையும் விடைபெறுதலையும் ஒரு சோடியாகவே வைத்துப் பேசுகிறார். கடைசியாகப் பிரிந்தபோது நம் உறவு எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது என்று முகமன் உறுதி சொல்கிறது. இந்தச் சந்திப்புக்குப் பிறகும் உறவு இன்ன நிலையில் இருக்கும், அடுத்த முறை பார்க்கும்போது இதை எதிர்பார்க்கலாம் என்று விடைபெறுதல் உறுதி சொல்கிறது. அதாவது நடுவில் இருக்கும் பிரிவு என்ற இடைவெளியின் இரண்டு கரைகளில்தான் இந்தச் சொற்கள் நிற்கின்றன. இடைவெளி உறவைக் குலைத்திருக்குமோ என்ற ஐயம் ஒரு கரையில், குலைத்துவிடுமோ என்ற ஐயம் மறு கரையில். ஐயம் ஒன்றே என்பதால் அதைத் தீர்க்கும் உறுதிமொழியும் ஒன்றாக இருக்க முடிகிறது. ‘உனக்கு நலம் உண்டாகட்டும்’, ‘நான் உனக்குப் பணிந்தவன்’ என்ற இரண்டும் அந்த உறுதிமொழிக்குப் பொருத்தமான வாசகங்கள்.

இந்த இரண்டாவது வாசகத்திலிருந்து பிறந்தவைதான் ஐரோப்பாவின் புகழ்பெற்ற இருவழிச் சொற்கள். ‘ச்சாவ்’ வெனிஸ் நகரப் பேச்சில் ‘உங்கள் அடிமை’ என்று பொருள்பட்ட தொடரிலிருந்து தேய்ந்து வந்தது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் வழங்கும் ‘செர்வுஸ்’ லத்தீனில் அடிமை, ஊழியன் என்று பொருள்படும் சொல்லே. ஹங்கேரியர்கள் அதை எடுத்துக்கொண்டு, நாளடைவில் சுருக்கி, ‘சியா’ ஆக்கிவிட்டார்கள். நம் ‘வணக்கம்’ இந்த வகையோடு சேர்ந்தது. வணங்குகிறேன் என்பது வருகையையும் சொல்லவில்லை, போக்கையும் சொல்லவில்லை, எதிரில் இருப்பவர் முன் பேசுபவர் நிற்கும் நிலையைச் சொல்கிறது. அதனால்தான் நம் மேடைப் பேச்சும் தொலைக்காட்சிச் செய்தியும் ‘வணக்கம்’ என்று தொடங்கி ‘வணக்கம்’ என்றே முடிகின்றன.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு இது: வருகைக்கும் விடைக்கும் ஒரே சொல் என்றால் கேட்பவர் குழம்ப மாட்டாரா? குழம்புவதில்லை. ஏனென்றால் பேச்சை முடிக்கும் வேலையை விடைச்சொல் தனியாகச் செய்வதில்லை. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இருவர் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, அவை எப்படி முடிகின்றன என்று ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த உரையாடலும் திடுமென முடிவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது போன்ற ஒரு சிறு சொல் முதலில் வரும். எதிராளியும் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கடைசிச் சொற்கள் பரிமாறப்படும். தமிழில் தொலைபேசிப் பேச்சைக் கவனித்தால் இது துலக்கமாகத் தெரியும். ‘அப்ப சரி’ என்கிறார் ஒருவர். ‘ம், சரி’ என்கிறார் மற்றவர். ‘அப்ப வச்சிடட்டுமா?’ ‘சரி, வச்சிடுங்க.’ இத்தனையும் நடந்த பிறகு வருகிற கடைசிச் சொல் எதுவாக இருந்தாலும் பேச்சு முடிந்துவிட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இருப்பதில்லை. முடிவை அறிவிக்கும் பொறுப்பு முன்பே நிறைவேறிவிட்டதால், கடைசிச் சொல் உறவை உறுதி செய்யும் வேலையை மட்டும் செய்தால் போதும்.

பேச்சே இல்லாத சந்திப்பிலும் இதைக் காணலாம். ஸ்பானிய மொழியின் ‘அதியோஸ்’ விடைபெறும் சொல் என்றே பாடநூல்கள் கற்பிக்கின்றன. ஆனால் ஸ்பெயினின் ஊர்ப்புறங்களிலும் கோஸ்டா ரிக்காவிலும் தெருவில் எதிரெதிரே நடந்து வரும் இருவர், நிற்காமல் ஒருவரையொருவர் கடக்கும்போது ‘அதியோஸ்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே தொடக்கமும் முடிவும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. நடுவில் உரையாடல் என்று எதுவும் இல்லாதபோது, முகமன் எது, விடை எது என்ற பிரிப்பு பொருளற்றுப் போகிறது. மிஞ்சுவது ‘உன்னைக் கண்டேன், நம் பழக்கம் அப்படியே இருக்கிறது’ என்ற ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. ‘ச்சாவ்’ என்று சொல்லும் இத்தாலியர் யாரும் அடிமையை நினைப்பதில்லை. பொருளே மறந்துபோன பிறகு, சொல்லின் பொருள்தான் அதன் திசையைத் தீர்மானிக்கிறது என்று எப்படிச் சொல்லலாம்? அதோடு, அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் குடியேறிய இத்தாலியர்களோடு போன அதே ‘ச்சாவ்’ அங்கே பிரியும்போது மட்டுமே சொல்லப்படுகிறது. மாறாக, கவனத்தை ஈர்க்கக் கூப்பிடும் குரலாகப் பிறந்த ஆங்கில ‘ஹலோ’, ஹங்கேரிக்குப் போன பிறகு, விடைபெறும்போதும் சொல்லும் சொல்லாகிவிட்டது. ஒரு சொல் வெளிநாடு போய் ஒரு திசையை இழக்கிறது, மற்றொன்று வெளிநாடு போய் ஒரு திசையைப் பெறுகிறது. பொருள் மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது.

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு என் கருத்தை இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும். பொருள் ஒரு சொல்லுக்கு அனுமதி தருகிறது, கட்டளை இடுவதில்லை. திசை இல்லாத சொல் இரண்டு பக்கமும் போகலாம், போயே தீர வேண்டும் என்பதில்லை. போகிறதா இல்லையா என்பது அந்த ஊரில் ஏற்கெனவே என்னென்ன சொற்கள் இடம் பிடித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அர்ஜென்டினாவில் சந்திப்புக்கு ‘ஓலா’ என்ற சொல் வேரூன்றி இருந்தது. வந்து சேர்ந்த ‘ச்சாவ்’ விடைக்குரிய இடத்தில் அமர்ந்துகொண்டது. ஹங்கேரியில் நண்பர்களுக்கிடையே ‘செர்வுஸ்’, ‘சியா’ என்ற பணிவுச்சொற்கள் இரண்டு முனைகளிலும் ஒரே முகமன் என்ற வழக்கத்தைப் பழக்கிவிட்டிருந்தன. பின்னால் வந்த ‘ஹலோ’ அந்த வழக்கத்துக்குள் நுழைந்து அதன்படி நடக்கத் தொடங்கியது. ஹங்கேரியர் காதில் ‘ஹலோ’ கூப்பிடும் குரலாக ஒலிக்கவில்லை, பொருள் உதிர்ந்த வெறும் முகமனாகவே வந்து சேர்ந்தது. ஆக, கடன்சொல் தன் பழைய பொருளை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறது, அதன் திசையை உள்ளூர்ப் பழக்கம் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த உள்ளூர்ப் பழக்கத்தை முதலில் உண்டாக்கியது, பொருள் தெளிவாக இருந்த காலத்துச் சொற்கள்தான். பிரெஞ்சு மொழியின் ‘அத்யூ’ இதற்கு இன்னொரு சான்று. ‘இறைவனிடம் ஒப்படைக்கிறேன்’ என்ற அதே பொருள் கொண்ட அதே சொல், பாரிஸில் நெடும்பிரிவுக்கு மட்டுமே உரியது. பிரான்சின் தென்பகுதியிலும் பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்திலும் அது சந்திக்கும்போதும் சொல்லப்படுகிறது. அனுமதி எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதைப் பயன்படுத்திக்கொண்டது சில இடங்கள் மட்டுமே. இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘போங்கள்’, ‘தங்குங்கள்’, ‘மீண்டும் பார்ப்போம்’ என்ற பொருள், பேசுகிறவர்களுக்குத் துலக்கமாகத் தெரிகிற வரையில், அந்தத் தொடர் சந்திப்பின் முதல் சொல்லாக மாறுவதில்லை. அனுமதி இல்லாத இடத்தில் பழக்கத்துக்கும் வழி கிடைப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு, இவையெல்லாம் நெருங்கிய நண்பர்களின் சோம்பல் பேச்சு என்பது. ‘ச்சாவ்’, ‘சியா’, ‘அன்யோங்’ மூன்றும் சிறியவை, உரிமையோடு பேசும் இடத்துக்கு உரியவை. விரிவாகச் சொல்லச் சலித்துக்கொண்டு ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போடுகிறார்கள், இதில் ஆராய ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லலாம். தமிழை எடுத்துக்கொண்டால் இந்த விளக்கம் நிற்காது. நம் மொழியில் நிலைமை கொரிய மொழிக்கு நேர் எதிர். கொரிய மொழியில் நெருக்கமான பேச்சு இருவழி, மரியாதைப் பேச்சு ஒருவழி. தமிழில் அவைக்குரிய ‘வணக்கம்’ இருவழி, வீட்டுப் பேச்சு ஒருவழி. வீட்டுக்கு வந்த அத்தையிடம் யாரும் ‘வணக்கம்’ சொல்வதில்லை, ‘வாங்க அத்தை’ என்கிறோம். கிளம்பும்போது அவர் ‘போயிட்டு வர்றேன்’ என்கிறார், ‘போயிட்டு வாங்க’ என்று நாம் அனுப்பி வைக்கிறோம். ‘சரி, வர்றேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதும் நமக்கு இயல்பே. வருதல் என்ற வினை வரவேற்பிலும் வருகிறது, விடையிலும் வருகிறது. ஆனால் ‘வாங்க’ என்பது வாசலில் நிற்பவரைப் பார்த்து வீட்டார் சொல்வது, ‘வர்றேன்’ என்பது கிளம்புகிறவர் தன் மறுவருகையைப் பற்றிச் சொல்வது. இரண்டையும் இடம் மாற்றிச் சொல்ல முடியாது. நெருக்கமான பேச்சு, சோம்பலின் காரணமாக, இரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்ற கருத்துக்குத் தமிழ் வீடே மறுப்பு. திசைச்செய்தி உள்ள சொல் மரியாதைப் பேச்சில் இருந்தாலும் ஒருவழிதான், வீட்டுப் பேச்சில் இருந்தாலும் ஒருவழிதான்.

இந்த ஒப்பீட்டிலிருந்து இன்னொன்றும் புலப்படுகிறது. தமிழ் வீட்டில் வருவதையும் போவதையும் வாய்விட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டை விட்டுப் போகிறவர் ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் பெரியவர்கள் பொறுக்க மாட்டார்கள், ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்துவார்கள். இங்கே உறவுக்கு வேண்டிய உறுதி, திரும்பி வருவேன் என்ற வாக்கிலேயே இருக்கிறது. வருகிறவரை ‘வாங்க’ என்று வாயாரச் சொல்லாமல் விட்டால் மனத்தாங்கல் வருவதும் இதனால்தான். இந்த உறவில் வரவும் போக்குமே பொருள் உள்ள செயல்கள், அதனால் சொல்லும் அவற்றைக் குறிக்கிறது. மேடையில் பேசுகிறவர் திரும்பி வருவாரா என்பது அவையினரின் கவலை அன்று. பேசத் தொடங்கும்போது காட்டிய மரியாதை, பேசி முடிக்கும்போதும் குறையவில்லை என்று காட்டினால் போதும். அதற்குத் திசை தேவையில்லை. சந்திப்பும் பிரிவும் உறவைப் பற்றிய ஒரே உறுதியைத்தான் கேட்கின்றன. அந்த உறுதியை வரவு போக்கின் வழியாகக் கொடுக்கும் சமூகம் இரண்டு சொற்களை வைத்துக்கொள்கிறது, நலவாழ்த்தின் வழியாகவோ பணிவின் வழியாகவோ கொடுக்கும் சமூகத்துக்கு ஒன்று போதும். தமிழர்கள் இரண்டு முறைகளையும் வைத்துக்கொண்டு, எந்த உறவுக்கு எது என்று பிரித்துக் கையாள்கிறார்கள்.